சீட் பைப்பில் இருக்கிறது கணக்கு

பிள்ளையைக் கூட்டிக்கொண்டு சைக்கிள் கடைக்குள் நுழைந்தால் முதலில் வரும் கேள்வி, "என்ன வயசு?" எட்டு என்றால் 20 இன்ச் வண்டியை இறக்குவார்கள், பத்து என்றால் 24 இன்ச். உடனே அப்பா குறுக்கிடுவார்: "வளர்ற பிள்ளை, கொஞ்சம் பெரிசாவே குடுங்க." பாவாடைக்கு மடிப்பு வைத்துத் தைக்கிற அதே யோசனைதான். ஆனால் பாவாடையின் மடிப்பை ஆண்டுதோறும் பிரித்துவிடலாம். சைக்கிளின் ஃபிரேமைப் பிரிக்க முடியாது. அதில் ஏறி இறங்குவது சீட் பைப் மட்டும்தான். அது எவ்வளவு தூரம் ஏறும், எவ்வளவு இறங்கும் என்ற அளவுக்குள்தான் அந்த வண்டியின் ஆயுள் அடங்கியிருக்கிறது. விலைச்சீட்டைப் பார்க்கும் முன் பார்க்க வேண்டிய இடமும் அதுதான்.

முன்பு வாடகை சைக்கிள் கடைகளில் கால் வண்டி, அரை வண்டி, முக்கால் வண்டி என்று வரிசையாக நிற்கும். கால் எட்டுகிற வண்டியை எடுத்துக்கொண்டு போவோம். வயதை யாரும் கேட்டதில்லை. எட்டாதவர்கள் அப்பாவின் பெரிய வண்டியில் பாருக்கு அடியில் காலை நுழைத்துக் குரங்குப் பெடல் போட்டார்கள். இன்று கடையில் சொல்லப்படும் 20, 24, 26 என்பதெல்லாம் சக்கரத்தின் அளவு. ஃபிரேமின் அளவு வேறு. ஒரே 24 இன்ச் சக்கரத்தோடு, சீட் தாழ்வாக இறங்கும் வண்டியும் உண்டு, இறங்காத வண்டியும் உண்டு. பெரியவர்கள் வண்டியில் 17, 18, 19 என்று தனியாக ஃபிரேம் அளவு சொல்வார்கள். பழைய பாணி கறுப்பு வண்டியில் 22, 24 என்பார்கள். அது சீட் பைப் நுழைகிற குழாயின் நீளம். குழந்தைகள் வண்டியில் பெரும்பாலும் இதை எழுதுவதே இல்லை. ஆகவே டேப்பை நாமே எடுத்துப் போக வேண்டியிருக்கிறது.

வீட்டில் ஓர் அளவு, கடையில் இரண்டு அளவு. அவ்வளவுதான் வேலை. வீட்டில் பிள்ளையைச் செருப்பில்லாமல் சுவரில் முதுகு ஒட்டி நிற்க வைத்து, கெட்டி அட்டை போட்ட நோட்டு ஒன்றைக் கால்களுக்கு நடுவே கொடுத்து, கவட்டில் தட்டும் வரை மேலே தூக்கச் சொல்லுங்கள். நோட்டின் மேல் விளிம்பிலிருந்து தரை வரை அளந்தால் அதுதான் கால் உயரம். கடையில், சீட்டை முழுக்க இறக்கி அதன் மேற்பரப்பிலிருந்து தரை வரை அளக்க வேண்டும். பிறகு சீட்டை ஏற்ற வேண்டும். சீட் பைப்பின் அடிப்பகுதியில் சிறு கோடுகளாக ஓர் அடையாளம் பொறித்திருக்கும். அது ஃபிரேமுக்கு வெளியே தெரியக் கூடாது. தெரிந்தால் பைப் போதிய ஆழத்தில் இல்லை, வளையும், சில நேரம் ஃபிரேமையே கிழித்துவிடும். அந்தக் கோடு மறைந்திருக்கும் வரை ஏற்றி இன்னொரு முறை அளந்தால் இரண்டாவது அளவு கிடைத்துவிடும்.

இனி இவற்றை எப்படிப் பொருத்துவது? இப்போதுதான் ஓட்டக் கற்கும் குழந்தைக்கு இரண்டு பாதமும் தரையில் முழுக்கப் பதிய வேண்டும். அதாவது சீட் உயரமும் கால் உயரமும் ஏறத்தாழ ஒன்றாக இருக்க வேண்டும். நன்றாக ஓட்டத் தெரிந்த பிள்ளைக்கு முன்பாதம் ஊன்றினால் போதும். சீட், கால் உயரத்தைவிட 8 சென்டிமீட்டர் வரை அதிகம் இருக்கலாம். அதற்கு மேல் போனால் நிறுத்தும்போது வண்டியைச் சாய்த்துக் குதிக்க வேண்டியிருக்கும். மிகத் தாழ்வாக இருந்தாலும் சரியில்லை. பெடல் மேலே வரும்போது முட்டி வயிற்றை நோக்கி மடங்கும், காலில் பலமே இறங்காது, பிள்ளை சீக்கிரம் களைத்துவிடும்.

ஒரு பெண் குழந்தையை எடுத்துக்கொள்வோம். வயது 8, உயரம் 126 சென்டிமீட்டர், கால் உயரம் 57. ஓட்டக் கற்றுவிட்டாள். பக்கத்து அரசுப் பள்ளிக்குத் தினமும் ஓட்டிப் போக வேண்டும். கடையில் இருக்கும் 20 இன்ச் வண்டியின் சீட் 62-இலிருந்து 76 வரை போகிறது; 24 இன்ச் வண்டியில் 70-இலிருந்து 86 வரை.

இந்த வயதில் பிள்ளைகள் ஆண்டுக்கு ஐந்தாறு சென்டிமீட்டர் வளர்கிறார்கள். அதில் ஏறக்குறைய பாதி காலில் சேர்கிறது. ஆக, கால் உயரம் ஆண்டுக்கு இரண்டரை முதல் மூன்று சென்டிமீட்டர் கூடும். 20 இன்ச் வண்டி இன்றே இவளுக்குச் சரி: சீட் 62, கால் 57, வித்தியாசம் 5. கால் 68 ஆகும்போது சீட் 76 என்ற உச்சியைத் தொட்டுவிடும். இடையில் இருப்பது 11 சென்டிமீட்டர். கணக்குப்படி நான்கு ஆண்டு. நடைமுறையில் மூன்று என்று வைத்துக்கொள்வது நல்லது, ஏனென்றால் காலோடு கையும் முதுகும் வளரும். சீட்டை உயர்த்தலாமே தவிர ஹேண்டில்பாரை முன்னே தள்ள முடியாது. திருப்பத்தில் முட்டி ஹேண்டில்பாரில் இடிக்க ஆரம்பித்தால் சீட் பைப் மிச்சம் இருந்தாலும் வண்டியின் காலம் முடிந்தது.

24 இன்ச் வண்டியோ இன்று இவளுக்கு ஆகாது. சீட்டை முழுக்க இறக்கினாலும் கால் உயரத்தைவிட 13 சென்டிமீட்டர் மேலே நிற்கிறது. கால் 62-ஐத் தொட இன்னும் ஏறக்குறைய இரண்டு ஆண்டு. அதன் பிறகு அந்த வண்டி நீண்ட நாள் ஓடும். பருவ வயதில் ஆண்டுக்கு எட்டு சென்டிமீட்டர் வரை விறுவிறுவென்று வளர்கிற கட்டத்தையும் தாங்கும். தமிழ்நாட்டில் அரசுப் பள்ளி, அரசு உதவி பெறும் பள்ளி மாணவர்களுக்குப் பதினோராம் வகுப்பில் விலையில்லாச் சைக்கிள் வருகிறது என்பதையும் இங்கே கணக்கில் சேர்க்க வேண்டும். இவளுக்கு நாம் வண்டி பார்த்துக் கொடுக்க வேண்டியது 16 வயது வரைதான். மொத்தம் எட்டு ஆண்டு.

பணக் கணக்குக்கு வருவோம். விலைகள் ஊருக்கு ஊர் மாறும். நான் எடுத்துக்கொள்வது புதிய 20 இன்ச் 6,000 ரூபாய், புதிய 24 இன்ச் 7,500, நல்ல நிலையில் உள்ள பழைய 20 இன்ச் 2,500. உங்கள் கடைக்காரர் சொல்லும் விலையை இதே இடத்தில் வைத்துப் பார்க்கலாம்.

"வளர்ந்துவிடுவாள்" என்று இன்றே 24 இன்ச் வாங்கினால் 7,500. முதல் இரண்டு ஆண்டு அது வராந்தாவில் நிற்கும். நிற்கிற வண்டி கெடாது என்பது தவறான நம்பிக்கை. காற்று இறங்கிய டயர் தன் எடையிலேயே மடிந்து ஓரங்களில் வெடிக்கும், செயின் துருவேறும், கேபிள் இறுகும். ஓட்டத் தொடங்கும் நாளில் டியூப், கேபிள், எண்ணெய் என்று ஓர் ஆயிரம் ரூபாய் பிடிக்கும். ஆக 8,500 ரூபாய்க்கு ஆறு ஆண்டு சவாரி; ஆண்டுக்கு 1,400-க்குச் சற்று மேல். புதிய 20 இன்ச் வாங்கி, மூன்று ஆண்டில் 1,500-க்கு விற்றுவிட்டு, பிறகு புதிய 24 வாங்கினால் நிகரச் செலவு 12,000. எட்டு ஆண்டுக்கும் சவாரி உண்டு, ஆண்டுக்கு 1,500. பழைய 20 இன்ச்சை 2,500-க்கு எடுத்து, மூன்று ஆண்டு கழித்து ஆயிரத்துக்குக் கொடுத்துவிட்டு, 24-ஐப் புதிதாக வாங்கினால் நிகரச் செலவு 9,000, ஆண்டுக்கு 1,125. மூன்றில் மலிவும் இதுதான், பிள்ளை ஒரு நாள்கூட உயரம் பொருந்தாத வண்டியில் ஏறாத வழியும் இதுதான்.

காரணம் எளிது. குழந்தைகள் வண்டி தேய்ந்து விலைக்கு வருவதில்லை, பிள்ளை வளர்ந்துவிட்டதால் வருகிறது. 16, 20 இன்ச் வண்டிகளில் பெரும்பாலானவை பாதி ஆயுள்கூட முடியாமல் மாடிப்படிக்கு அடியில் கிடக்கின்றன. பின்னால் ஒரு தம்பியோ தங்கையோ வரிசையில் இருந்தால் கணக்கு மாறும். அப்போது புதிய 20 இன்ச்கூட ஆறேழு ஆண்டு உழைக்கும். அப்படி வாங்கும்போது நிறம், பொம்மைப் படம் பார்த்து வாங்காதீர்கள் என்பது மட்டும் என் வேண்டுகோள். இளஞ்சிவப்பு வண்டியைத் தம்பி தொட மாட்டான்.

குழந்தைகள் வண்டியில் இன்னும் ஒன்று, அதன் எடை. இந்தப் பெண் 23, 24 கிலோ இருப்பாள். நம் கடைகளில் 20 இன்ச் இரும்பு வண்டி 12 கிலோவைத் தாண்டுகிறது. தன் எடையில் பாதியைத் தள்ளிக்கொண்டு போகிறாள் அவள். அதன் மேல் முன்னும் பின்னும் ஷாக் அப்சார்பர் வைத்த வண்டி என்றால் இன்னும் ஒன்றிரண்டு கிலோ. மலிவு வண்டியின் ஸ்பிரிங் பெரியவர்கள் எடைக்குத்தான் கொஞ்சமாவது அமுங்கும், இவள் எடைக்கு அசையாது. பின்பக்க ஸ்பிரிங் அசைந்தால் அது இன்னும் மோசம். பெடலில் கொடுக்கிற பலத்தில் ஒரு பங்கு ஸ்பிரிங்கை அமுக்குவதிலேயே போய்விடும். தடித்த குழாய், டிஸ்க் பிரேக், கியர் பொத்தான்கள் எல்லாம் கடை வெளிச்சத்தில் பிள்ளையின் கண்ணை இழுக்கும். அதற்கு நாமும் மயங்குவோம். ஆனால் பார்க்க வேண்டியது பிரேக் பிடி அவள் விரலுக்கு எட்டுகிறதா என்பது. கைப்பிடியை விடாமல் இரண்டு விரலால் பிரேக்கை இழுத்து, உருளும் வண்டியை அவளால் நிறுத்த முடிய வேண்டும். பல பிரேக் பிடிகளில் உட்பக்கம் ஒரு சின்ன ஸ்குரூ இருக்கும். அதைத் திருகினால் பிடி கைக்கு அருகே வரும். கேட்டால் செய்து தருவார்கள், கேட்காவிட்டால் செய்வதில்லை.

வேலைக்குப் போகிற பெரியவருக்குச் சீட் பைப் பிரச்சினை இல்லை, அவர் வளர்ந்து முடித்தவர். அவர் செலவைத் தீர்மானிப்பது கியர்தான். ஃபிரேமில் அவர் பார்க்க வேண்டியது ஒன்றுதான்: வண்டியைக் கவட்டில் வைத்து இரண்டு பாதமும் ஊன்றி நின்றால் பாருக்கும் உடம்புக்கும் நடுவே இரண்டு மூன்று விரல் இடைவெளி வேண்டும். பார் தாழ்ந்த ஃபிரேமை லேடீஸ் சைக்கிள் என்று ஒதுக்குவது வீண் வீம்பு. வேட்டி கட்டுகிறவர், முட்டி வலி உள்ளவர், பின்னால் கேரியரில் மூட்டை வைத்துப் போகிறவர் என எல்லோருக்கும் அதில் ஏறுவதும் இறங்குவதும் சுலபம். சீட் உயரத்துக்கு ஒரு சோதனை போதும்: சீட்டில் உட்கார்ந்து குதிகாலைப் பெடல் மேல் வைத்து அதைக் கீழே கொண்டுவந்தால் முட்டி நேராக நீள வேண்டும். பிறகு முன்பாதத்தால் மிதிக்கும்போது தேவையான சிறு மடிப்பு தானாக வந்துவிடும்.

கியர் என்பது ஒரு மிதிக்கு வண்டி எவ்வளவு தூரம் போகிறது என்ற கணக்கு. கியர் இல்லாத பழைய கறுப்பு வண்டியில் முன்னே 44 பல், பின்னே 18 பல் என்று வைத்துக்கொள்வோம். பெடல் ஒரு சுற்று சுற்றினால் பின்சக்கரம் இரண்டரைச் சுற்றுக்குக் கொஞ்சம் குறைவாகச் சுற்றும். வண்டி சுமார் 5.4 மீட்டர் நகரும். நிமிடத்துக்கு 50 சுற்று நிதானமாக மிதித்தால் மணிக்கு 16 கிலோமீட்டர் வேகம். தஞ்சாவூர், திருச்சி, சென்னை போன்ற சமவெளியில் வேலைக்குப் போகிறவருக்கு அது போதும். மேம்பாலம் வந்தால் எழுந்து நின்று நாலு மிதி.

"21 கியர்" வண்டியில் முன்னே மூன்று சக்கரம், பின்னே ஏழு. முன்னே 42, 34, 24 பல்லும், பின்னே 14 முதல் 28 பல்லும் இருக்கும் பரவலான அமைப்பைப் பாருங்கள். நடுச்சக்கரத்தையும் பின்னே 18 பல்லையும் சேர்த்தால் ஒரு மிதிக்குச் சக்கரம் 1.89 சுற்று. பெரிய சக்கரத்தையும் 22 பல்லையும் சேர்த்தால் 1.91. காலுக்கு இரண்டும் ஒன்றே. இப்படி ஒன்றோடொன்று ஒத்துப்போகிறவற்றைக் கழித்து, செயின் கோணலாக இழுபடும் சேர்க்கைகளையும் கழித்தால் உபயோகமாக மிஞ்சுவது பத்துப் பன்னிரண்டு. சமவெளியில் அவற்றிலும் மூன்று நான்கைத் தவிர விரல் போகாது. மிகச் சிறிய கியரில் ஒரு மிதிக்கு இரண்டு மீட்டர்கூட நகராது. அது ஏற்காட்டுக்கும் கொடைக்கானலுக்கும் உரியது.

கியரே வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. ஏற்றம் இல்லாத ஊரிலும் காற்று உண்டு. ஆடி மாதம் ஆரல்வாய்மொழிப் பக்கமோ தென்காசிப் பக்கமோ எதிர்க்காற்றில் ஓட்டியவர்களுக்குத் தெரியும், அது மலை ஏறுவதற்குச் சமம். கோவை, ஓசூர் போன்ற மேடுபள்ளமான ஊர்களிலும் கியர் காலுக்கு உதவும். அங்கெல்லாம் முன்னே ஒரே சக்கரமும் பின்னே ஏழும் உள்ள வண்டி போதும். முன் கியர் மாற்றும் பகுதியே இல்லாததால் கேபிளும் தகராறும் பாதியாகக் குறையும்.

கியர் வண்டியின் உண்மையான செலவு செயினில் இருக்கிறது. கியர் செயின் மெலிது, பக்கவாட்டில் இழுபடும், செயின் கவர் போட முடியாததால் மழைத் தண்ணீரும் மணலும் நேரே அதில் ஏறும். செயின் தேய்ந்ததை ஓர் இரும்பு ஸ்கேலை வைத்தே கண்டுபிடிக்கலாம். புதிய செயினில் ஒரு பின்னிலிருந்து 24 கண்ணி தள்ளி இருக்கும் பின் வரை சரியாக 12 அங்குலம். அது ஓர் அங்குலத்தில் பதினாறில் ஒரு பங்கு நீண்டிருந்தால் செயினை மாற்றிவிட வேண்டும். எட்டில் ஒரு பங்கு வரை விட்டுவிட்டால், நீண்ட செயின் பின்பல்லையும் தன் அளவுக்குத் தேய்த்திருக்கும். புதிய செயின் போட்டதும் மிதிக்கிற வேகத்தில் பல் தாண்டித் தாண்டிக் குதிக்கும். பிறகு ஃபிரீவீலும் மாற்ற வேண்டும். சில நூறில் முடிந்திருக்க வேண்டியது ஆயிரத்தைத் தாண்டும்.

ஒருவர் வீட்டிலிருந்து வேலைக்கு ஏழு கிலோமீட்டர், ஆண்டுக்கு 250 நாள் போகிறார். மொத்தம் 3,500 கிலோமீட்டர். கியர் இல்லாத வண்டி, மட்கார்டு, ஸ்டாண்டு, கேரியர், செயின் கவர் எல்லாம் சேர்த்து 7,500 ரூபாய். பத்து ஆண்டு உழைக்கும். ஆண்டுக்கு 750. டயர், டியூப், பிரேக் கட்டை, பஞ்சர், ஆண்டுக்கு ஒரு ஓவராயில் எல்லாம் சேர்த்து 1,500. மொத்தம் 2,250, கிலோமீட்டருக்கு 65 பைசாவுக்கும் கீழே. ஷாக் அப்சார்பரும் டிஸ்க் பிரேக்கும் உள்ள 21 கியர் வண்டி 13,000. அதோடு மட்கார்டு, கேரியர், ஸ்டாண்டு எதுவும் வராது, அதற்கு இன்னும் 2,000. ஆறு ஆண்டு என்று வைத்தால் ஆண்டுக்கு 2,500, பராமரிப்பு 3,500, மொத்தம் 6,000. முன்னே ஒரே சக்கரம், ஷாக் இல்லாத அலுமினிய ஃபிரேம், 17,000-த்தோடு அதே 2,000, பத்து ஆண்டுக்கு ஆண்டுக்கு 1,900, பராமரிப்பு 2,500, மொத்தம் 4,400. கடையில் விலை கூடுதலாக இருந்த வண்டி ஆண்டுக் கணக்கில் மலிவாகிவிட்டது. ஒப்புக்கு ஒன்று: லிட்டருக்கு 45 கிலோமீட்டர் போகும் ஸ்கூட்டர் இதே தூரத்துக்கு, லிட்டர் 100 ரூபாய் என்றால், பெட்ரோல் மட்டுமே ஏறக்குறைய 7,800 குடிக்கும்.

இந்த ஆண்டுகளும் பராமரிப்புத் தொகைகளும் என் மதிப்பீடு. கடற்கரை ஊரில் உப்புக் காற்று இரும்பைச் சீக்கிரம் அரிக்கும், அங்கே பத்தை ஏழாகக் குறைத்துக்கொள்ளுங்கள். உள்ளூரில் இரும்புக்கு வேறொரு வசதி உண்டு: ஃபிரேம் விரிசல் விட்டால் பட்டறையில் பற்ற வைத்துவிடலாம். அலுமினியத்துக்கு அந்த வேலை தெருவில் நடக்காது.

வாங்குவதற்கு முன் உங்கள் தெருமுனை மெக்கானிக்கிடம் ஒரு வார்த்தை கேளுங்கள், முக்கியமாக டயரைப் பற்றி. "26 இன்ச்" என்ற ஒரே பெயரில் ஒன்றுக்கொன்று பொருந்தாத டயர்கள் இருக்கின்றன. தடித்த மலைவண்டி டயரின் ஓரத்தில் 559 என்றும், மெல்லிய 26 x 1⅜ டயரில் 590 என்றும் அச்சிட்டிருக்கும். அது ரிம்மில் டயர் உட்காரும் இடத்தின் விட்டம், மில்லிமீட்டரில். 31 மில்லிமீட்டர் வித்தியாசம் என்றால் ஒன்றின் டயர் மற்றதில் ஏறவே ஏறாது. அவர் கடையில் தொங்குகிற டயர் எது, பிரேக் கட்டை எது என்று பார்த்துவிட்டு அதற்கேற்ற வண்டியை வாங்குவது, வாங்கிவிட்டு டயருக்காக ஊர் ஊராக அலைவதைவிட மேல்.

புது வண்டியில் ஸ்போக்ஸ் கம்பிகள் முதல் சில வாரத்தில் சற்றுத் தளரும், கேபிள்கள் நீளும். இரண்டிரண்டு கம்பியாகக் கையால் நெருக்கிப் பாருங்கள். ஒன்று மட்டும் தொளதொளவென்றால் சக்கரம் பெண்டாகப் போகிறது. முன் பிரேக்கைப் பிடித்தபடி வண்டியை முன்னும் பின்னும் ஆட்டினால் ஹேண்டில்பார் கழுத்தில் "டக், டக்" என்று கேட்கக் கூடாது. பெடல் தண்டைப் பக்கவாட்டில் ஆட்டினாலும் அப்படியே. முதல் மாதம் முடிந்ததும் கடைக்குக் கொண்டுபோய் இவற்றை இறுக்கித் தரச் சொல்லுங்கள். பல கடைகளில் முதல் சர்வீஸ் இலவசம். பில் கொடுக்கும்போதே அதைப் பின்பக்கத்தில் எழுதி வாங்கிவிடுவது நல்லது.